புருவம் ஒன்று மேலே, கண் ஒன்று சின்னதாக: வகிட்டையும் மையையும் வைத்து என்ன செய்யலாம்?

"எனக்கு வயசு 26. வலது புருவம் கொஞ்சம் மேலே இருக்கு, அதே பக்கம் கண் சின்னதா தெரியுது. மூக்கும் லேசா இடது பக்கம் போகுது. கண்ணாடியில ஒண்ணும் தெரியல, போட்டோவுலதான் பளிச்சுன்னு தெரியுது. இது நார்மலா? மூணு மாசத்துல கல்யாணம். நெத்திச்சுட்டி வெச்சு நேர் வகிடுதான் எடுப்பாங்க. வகிடு, மேக்கப் வெச்சு இத சமன் பண்ண முடியுமா?"

நீங்கள் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் எல்லா முகத்திலும் உண்டு. நான் மணப்பெண் அலங்காரம் செய்பவள். இரண்டு புருவமும் ஒரே உயரத்தில் இருக்கும் முகத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தாடை எலும்பு, கன்னத்துக் கொழுப்பு, இமையின் மடிப்பு, மூக்குத் தண்டின் உள்ளே இருக்கும் குருத்தெலும்பு எல்லாமே இடம் வலமாகச் சில மில்லிமீட்டர் வேறுபட்டுத்தான் வளர்கின்றன. ஒரே பக்கமாக மென்றால் அந்தப் பக்கத்துத் தாடைத் தசை பருக்கும். பேசும்போது ஒரு புருவத்தை மட்டும் தூக்கும் பழக்கம் இருந்தால் அந்தப் பக்கம் நெற்றிக் கோடும் சீக்கிரம் விழும்.

அப்புறம் ஏன் போட்டோவில் மட்டும் தெரிகிறது? நீங்கள் வாழ்நாள் முழுக்கப் பார்த்துப் பழகியது இடம் வலம் மாறிய கண்ணாடி முகத்தை. போட்டோவில் அது திரும்பிவிடுவதால், பழகிய சின்ன வித்தியாசம் எதிர்ப்பக்கத்தில் வந்து நின்று இரு மடங்காகத் தோன்றுகிறது. 1977-ல் அமெரிக்காவில் சில பெண்களுக்கு அவர்களுடைய போட்டோவையும், அதையே இடம் வலம் மாற்றி அச்சிட்டதையும் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் கண்ணாடியில் தெரிவது போன்ற படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுடைய தோழிகளில் பெரும்பாலோருக்குப் பிடித்தது நேர்ப் படம். உங்கள் தோழிகளுக்கு உங்கள் போட்டோ முகம்தான் பழகிய முகம்.

செல்ஃபி என்றால் இன்னொரு சிக்கலும் சேரும். முகத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தூரத்தில் எடுக்கும் படத்தில், ஒன்றரை மீட்டரில் எடுப்பதை விட மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-ல் வந்த ஒரு ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது. போனை லேசாக ஒரு பக்கம் பிடித்தால் அந்தப் பக்கத்துக் கண் பெரிதாகவும் மறுபக்கம் சின்னதாகவும் விழும். அதனால் செல்ஃபியை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். பகல் வெளிச்சம் வரும் ஜன்னலுக்கு நேராக நின்று, வேறொருவரை ஒன்றரை மீட்டர் தள்ளி உங்கள் கண் மட்டத்தில் போனைப் பிடிக்கச் சொல்லி, பின்பக்கக் கேமராவில் 2x வைத்து ஒரு படம் எடுங்கள். வகிட்டையும் மேக்கப்பையும் இந்தப் படத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்தப் படத்தை உங்கள் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட் போட்டோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதிலும் வலது புருவம் மேலே இருந்தால் இது உங்கள் முகத்தின் அமைப்பு, அவ்வளவுதான். பழைய படத்தில் இல்லாமல் சமீபத்தில் வந்திருந்தால் கதை வேறு. இமை மாலையில் கூடுதலாகத் தொங்குவது, பார்வை இரட்டையாகத் தெரிவது, இரண்டு கண்மணியும் ஒரே அளவில் இல்லாதது, காதுக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் வீக்கம் இருப்பது, இவையெல்லாம் மருத்துவர் பார்க்க வேண்டியவை. திடீரென்று ஒரு பக்கம் வாய் கோணினாலோ, கண்ணை மூட முடியாமல் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கூடவே கை பலவீனமோ பேச்சுக் குழறலோ இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். அது வெறும் முகவாதமா பக்கவாதமா என்று வீட்டில் உட்கார்ந்து யோசிப்பதற்கு அப்போது நேரம் கிடையாது.

சரி, உங்கள் புருவத்துக்கு வருவோம். புருவம் மேலே இருப்பதும் கண் சின்னதாக இருப்பதும் ஒரே பக்கம் என்கிறீர்கள். இரண்டும் ஒரே விஷயமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வலது மேலிமை கொஞ்சம் கனமாகவோ தாழ்வாகவோ இருந்தால், அதைத் தூக்கிப் பிடிக்க நெற்றித் தசை தானாகவே அந்தப் பக்கத்துப் புருவத்தை உயர்த்தும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். கண்ணை மூடி, நெற்றியைத் தளர்த்தி, இரண்டு புருவத்தின் மேலும் விரலை மெதுவாக அழுத்தி வைத்துக்கொள்ளுங்கள். புருவம் மேலே ஏறாதபடி பிடித்துக்கொண்டே கண்ணைத் திறங்கள். இப்போது வலது இமை இடதை விடத் தெளிவாகக் கீழே நின்றால், மூல காரணம் இமைதான், புருவம் அதற்கு உதவிக்கு வந்திருக்கிறது. வித்தியாசம் 2 மில்லிமீட்டரைத் தாண்டுவதாகத் தோன்றினால் கல்யாணத்துக்கு முன் ஒரு கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இரண்டு இமையும் ஒரே இடத்தில் நின்றால் அது வெறும் புருவப் பழக்கம்.

இந்தச் சோதனையை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பார்லரில் பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், உயர்ந்த புருவத்துக்குச் சமமாக மற்றதையும் உயர்த்திவிடுவோம் என்று இடது புருவத்தின் அடியில் நூல் போட்டு முடியை எடுத்துவிடுவார்கள். இடது கண்ணுக்கு மேல் இன்னும் இடம் திறக்கும், அந்தக் கண் இன்னும் பெரிதாகத் தெரியும், வலது கண் முன்பை விடச் சின்னதாகிவிடும். புருவத்தைச் சரிசெய்யப் போய்க் கண்ணைக் கெடுத்த கதை.

அதனால் இப்போதிருந்தே புருவத்துக்கு நூல் போடுவதைக் குறையுங்கள். முதல் ஆறு வாரம் தொடவே வேண்டாம், அடியில் முடி வளரட்டும். பிறகு வலது புருவத்தில் மேல் விளிம்பில் வெளியே நிற்கும் முடியை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள், அடிப்பக்கத்தில் கை வைக்கக் கூடாது. இடது புருவத்தில் இதற்கு நேர்மாறாக, அடியில் சிதறியிருப்பதை மட்டும் ஒரு வரிசை சுத்தம் செய்து, மேல் விளிம்பை விட்டுவிட வேண்டும். மீதியைப் பென்சில் பார்த்துக்கொள்ளும். வலது புருவத்தின் அடி விளிம்பிலும் இடது புருவத்தின் மேல் விளிம்பிலும் முடி முடியாக ஒரு மில்லிமீட்டர் சேர்த்தால், இரண்டும் பாதிப் பாதி தூரம் நகர்ந்து நடுவில் சந்திக்கும். ஒரே புருவத்தை இரண்டு மில்லிமீட்டர் நகர்த்தினால் அது வரைந்த புருவமாகத் தெரியும். பென்சில் உங்கள் முடியை விட ஒரு ஷேட் வெளிர் பழுப்பாக இருக்கட்டும், கறுப்பு வேண்டாம். வரையும்போது கண்ணாடியை முறைத்துப் பார்த்தால் புருவம் தானாக ஏறிவிடும். அதனால் கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டு, திறந்தவுடன் புருவம் எங்கே நிற்கிறதோ அந்த இடத்தை வைத்து அளவு எடுங்கள்.

கண்ணுக்கு வந்தால், நம் ஊரில் எல்லாரும் செய்யும் ஒரு வேலைதான் வித்தியாசத்தைக் காட்டிக்கொடுக்கிறது. இரண்டு கண்ணையும் சுற்றி ஒரே கனத்தில் மை பூசுவது. இமையின் உள்விளிம்பில் போகும் கறுப்புக் கோடு கண்ணைச் சுருக்கிக் காட்டும். பெரிய கண்ணுக்கு அது அழகு, சின்னக் கண்ணுக்கு நஷ்டம். உங்கள் இடது கண்ணில் கீழ் உள்விளிம்பு முழுவதும் மை வைக்கலாம். வலது கண்ணில் அதே இடத்தில் வெளிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு மட்டும் மை வைத்து, மீதி இடத்துக்கு உங்கள் தோல் நிறத்தை விடச் சற்று வெளிர்ந்த பழுப்புப் பென்சிலைப் போடுங்கள். வெள்ளைப் பென்சில் வேண்டாம், மாநிறத்தில் அது தனியாக எடுத்துத் தெரியும். மை இல்லாவிட்டால் மணப்பெண் மாதிரியே இல்லை என்று அத்தை யாராவது சொல்வார்கள். அப்போது வலது கண்ணின் கீழ் இமை முடிக்கு வெளியே, முடியின் வேரை ஒட்டி, மென்மையாகப் புகைத்த மாதிரி பழுப்பு நிழல் கொடுத்தால் போதும். தள்ளி நின்று பார்ப்பவருக்கு இரண்டிலும் மை இருப்பதாகத்தான் தெரியும்.

மேலிமை ஐலைனரைக் கண் மூடியிருக்கும்போது போட்டுவிட்டு, திறந்த பிறகு ஒன்று காணாமல் போய்விட்டதே என்று பலரும் புலம்புவார்கள். மூடிய கண்ணில் சமமாகப் போட்ட கோடு, மடிப்பு தாழ்ந்த கண்ணில் திறந்ததும் உள்ளே மறைந்துவிடும். கண்ணை நேராகப் பார்க்க வைத்து, தாடையை உயர்த்தாமல் போட வேண்டும். நீங்கள் சமன் செய்யப் பார்ப்பது கோட்டின் கனத்தை இல்லை, கோட்டுக்கு மேலே தெரியும் இமை இடத்தை. வலது கண்ணில் கோடு முடியின் வேரை மட்டும் நிரப்பும் அளவுக்கு மெல்லியதாக இருக்கட்டும். இடது கண்ணில் ஒரு மில்லிமீட்டர் தடிமன் இருக்கலாம். மடிப்பில் போடும் அடர் நிழலை வலது பக்கம் இயற்கையான மடிப்புக்குச் சற்று மேலே, கண் திறந்திருக்கும்போது தெரியும் இடத்தில் வைக்க வேண்டும். ஒட்டு இமைமுடி வைப்பதாக இருந்தால் வலதில் நடுப்பகுதி நீளமானதையும், இடதில் ஓரம் நீளமானதையும் தேர்ந்தெடுக்கலாம். ஒரே பெட்டியில் இருக்கும் ஜோடியையே இரண்டு கண்ணுக்கும் ஒட்ட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

இப்போது வகிடு. சாய்ந்த படம் ஒன்று சுவரில் தொங்கினால், பக்கத்தில் நேரான கதவு நிலை இருக்கும்போதுதான் அதன் சாய்வு கண்ணில் படும். நேர் வகிடு முகத்துக்கு அந்தக் கதவு நிலை. வெளுப்பான ஒரு நேர்க்கோடு உச்சியிலிருந்து இறங்கி, அதன் கீழே சுட்டி, அதன் கீழே பொட்டு, அதன் கீழே மூக்கு என்று வரிசையாக வந்தால், பார்ப்பவர் கண் தன்னை அறியாமல் நூல் பிடித்து அளக்கும். மூக்கு லேசாக இடதுபக்கம் விலகுவது அங்கே மாட்டிக்கொள்ளும். உங்கள் கேஸில் நிஜமான பிரச்சினை புருவத்தை விட இந்த வரிசைதான் என்பது என் கணிப்பு.

சுட்டி இல்லாத நாட்களுக்கு விடை எளிது. கோண வகிடு எடுங்கள். கோடு உங்கள் இடது கண்மணியின் உள் விளிம்புக்கு நேர் மேலே தொடங்கி, உச்சிச் சுழியை நோக்கிச் சாய்வாகப் போகட்டும். முடியின் பெரும்பங்கு வலப்பக்கம் போய், வலது புருவத்தின் வால் பகுதிக்கு மேலே சரிந்து பின்னால் போகும். இதனால் வலது புருவத்துக்கும் நெற்றி முடி விளிம்புக்கும் உள்ள இடைவெளி இடதோடு ஒப்பிட முடியாததாகிவிடும். முடி கண்ணுக்கு மேல் விழக் கூடாது, சின்னக் கண் நிழலில் மாட்டினால் இன்னும் சின்னதாகும். இதற்கு நேர்மாறான வகிட்டையும் ஒரு தடவை எடுத்து இரண்டையும் படமெடுத்துப் பாருங்கள். தாடை ஒரு பக்கம் அகலமாக இருப்பவர்களுக்கு முடி அந்த அகலப் பக்கம் விழுவது நல்லது, அதனால் சிலருக்குப் புருவம் ஒரு பக்கத்தையும் தாடை மறுபக்கத்தையும் கேட்கும். அப்படி மோதினால் நான் கண் இருக்கும் பகுதிக்குத்தான் முன்னுரிமை கொடுப்பேன். பேசுகிறவர்கள் பார்ப்பது அங்கேதான்.

முடி பழைய வகிட்டுக்கே திரும்பிப் போகும், குறிப்பாகச் சுழிக்கு எதிராகப் போனால். தலை குளித்து ஈரமாக இருக்கும்போதே புது வகிடு எடுத்து, வேர்ப்பகுதியைப் படிய வைத்து இரண்டு தட்டைக் கிளிப் குத்தி, காயும் வரை விடுங்கள். மூன்று மாதம் தாராளமாகப் போதும். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. வருடக்கணக்கில் ஒரே வகிட்டில் இறுக்கிப் பின்னினால் அந்த இடத்தில் முடி மெலிந்து கோடு அகலமாகும். இடம் மாற்றினால் அதற்கும் ஓய்வு.

கல்யாண நாளில் சுட்டி இருப்பதால் நேர் வகிடு தவிர்க்க முடியாது. ஆனால் முழு நீளத்துக்கும் தேவையில்லை. முன் விளிம்பிலிருந்து ஐந்து, ஆறு சென்டிமீட்டர் மட்டும் வகிடு எடுத்து, அதற்குப் பின்னால் முடியைக் கோடில்லாமல் லேசாகத் தூக்கிப் படிய வைக்கச் சொல்லுங்கள். அந்த முன்பகுதியில் தெரியும் வெளுப்பான தலைத்தோலை, முடி நிறத்துப் பவுடரால் மங்கலாக்கிவிட்டால் கோடு கத்தியாகத் தெரியாது. இரண்டு பக்கமும் முடியை ஒட்டச் சீவாமல், வலப்பக்கம் விரல் நுழையும் அளவுக்குச் சற்றுத் தளர்வாக விடலாம். தாலி கட்டிய பிறகு வகிட்டில் குங்குமம் வைப்பார்கள் அல்லவா, அது வகிடு தொடங்கும் இடத்தில் ஒரு சின்னப் பொட்டாக நிற்கட்டும். நீளமாக இழுத்தால் மங்கலாக்கிய கோட்டைச் சிவப்பில் மறுபடி வரைந்த மாதிரி ஆகிவிடும், வைப்பவரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

சுட்டியின் தொங்கலையும் பொட்டையும் எதற்கு நடுவே வைப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். வழக்கமாகப் புருவங்களுக்கு நடுவே பார்த்து வைப்பார்கள். ஆனால் புருவத்தின் தொடக்கம் நூல் போட்டதைப் பொறுத்து மாறும். மூக்கின் நுனியைப் பார்த்து வைத்தால் பொட்டும் இடப்பக்கம் போய்விடும். இரண்டு கண்ணின் உள்முனைகளுக்கும் நடுப்புள்ளியை எடுங்கள், முகத்தில் அதிகம் நகராத அளவு அதுதான். பொட்டு வட்டமாகவும் சின்னதாகவும் இருக்கட்டும். நீளப் பொட்டு, கீழே வால் வைத்த பொட்டு எல்லாம் மூக்கை நோக்கிச் சுட்டிக்காட்டும் அம்புகள், அவற்றை விட்டுவிடலாம். சுட்டியின் தொங்கலுக்கும் பொட்டுக்கும் இடையே ஒரு விரற்கடை இடைவெளி விட்டால் இரண்டும் சேர்ந்து ஒரே கோடாகத் தெரியாது. தொங்கலின் பின்புறம் ஒரு துளி இமைமுடிப் பசை தொட்டு நெற்றியில் ஒட்டிக்கொண்டால் குனிந்து நிமிரும்போது இடம் மாறாது. அந்தப் பசையை ஒரு வாரம் முன்பே காதுக்குப் பின்னால் தடவி, அரிப்பு வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மூக்குக்குக் கான்டூர் போடுவது பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பகல் முகூர்த்தத்தில் இரண்டு பக்கமும் போட்ட பழுப்புக் கோடுகள் பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு அழுக்கு மாதிரி தெரியும். ஒன்றே ஒன்று செய்யலாம். ஹைலைட்டரை மூக்குத் தண்டு போகிற வழியில் போடாமல், கண் முனைகளின் நடுப்புள்ளியிலிருந்து மேலுதட்டின் நடுப்பள்ளத்தை நோக்கி நேராக, மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்குள், மினுமினுப்பு இல்லாத வெளிர் நிறத்தில் இழுத்து ஓரத்தை மட்டும் கலைத்துவிடுங்கள். மூக்கின் விலகல் லேசானதாக இருந்தால்தான் இது வேலை செய்யும். நன்றாக வளைந்த மூக்கில் இந்தக் கோடு தனியாக நிற்கும். மூக்கு ஒரு பக்கம் அடைத்துக்கொண்டே இருந்தால் அது காது மூக்கு தொண்டை மருத்துவரின் வேலை.

உதட்டை நீங்கள் கேட்கவில்லை, அதனால் சுருக்கமாக: வாய் மூடியிருக்கும்போது சமமாக வரைந்த உதடு, சிரித்ததும் மறுபடி கோணலாகும். சிரிப்பு சமமில்லாதது தசையால் வருவது, லைனரால் மாறாது. முகப் பயிற்சி, கல்லால் தேய்ப்பது, மறுபக்கம் மென்று சமன் செய்வது என்று யார் சொன்னாலும், எலும்பும் இமையும் மூன்று மாதத்தில் நகராது. ஒரே பக்கம் மெல்வதற்கு மறுபக்கம் பல் வலி காரணமென்றால் பல்லைப் பாருங்கள்.

மேக்கப் ட்ரையலைக் கல்யாணத்துக்கு மூன்று, நான்கு வாரம் முன்பு, சுட்டியும் பொட்டும் வைத்தே செய்யுங்கள். சுட்டி இல்லாத ட்ரையலில் மேலே சொன்ன எதையும் சரிபார்க்க முடியாது. முடித்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம், மண்டபத்து விளக்கு மாதிரி மேலிருந்து வரும் வெளிச்சத்தில் ஒரு படம், பேசிக்கொண்டே ஒரு நிமிட வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். வீடியோவில் வலது புருவம் ஏறி இறங்குவது தெரியும், நிற்கும் படத்தில் தெரியாது. அசையும்போதும் பொருந்துகிறது என்றால் அந்த அளவுகளை எழுதி, ஆர்ட்டிஸ்ட்டிடம் ஒரு படமும் கொடுத்து வையுங்கள், அன்றைய அவசரத்தில் நினைவிலிருந்து செய்தால் பழக்கப்படி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி போட்டுவிடுவார்கள்.

கடைசியாகப் போட்டோகிராபர். வீடியோ விளக்கு இடப்பக்கம் மட்டும் நின்றால் வலது கண் நிழலில் போய், நீங்கள் செய்த வேலை முழுக்க வீணாகும். முக்கிய விளக்கு உங்களுக்கு நேராகவோ கொஞ்சம் வலப்பக்கமாகவோ இருக்கச் சொல்லுங்கள். தனிப் படங்களுக்கு முகத்தை லேசாக இடப்பக்கம் திருப்பினால் வலது கண் கேமராவுக்கு அருகே வரும், அருகே இருப்பது சற்றுப் பெரிதாக விழும். மணையில் உட்கார்ந்திருக்கும்போது இதையெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள், அதனால் முந்தின நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மல்லிகைச் சரத்தை ஒரு தோளில் மட்டும் முன்னால் தொங்கவிட வேண்டும் என்பதையும் அப்போதே பூக்காரரிடம் சொல்லிவிடுங்கள், இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கும் சரமும் இன்னொரு அளவுகோல்தான்.